"செக் ரிங் போயிடுச்சுங்க" என்பதை ஆங்கில சர்வீஸ் ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது?

கேள்வி: டர்பனில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் சர்வீஸ் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். டெக்னீஷியன் அண்ணா கோயம்புத்தூர்க்காரர். ஆங்கிலத்தில் எழுத மாட்டார், வாட்ஸப்பில் தமிழில் பேசி அனுப்புவார். நான்தான் அதை ஆங்கில சர்வீஸ் ரிப்போர்ட்டாக எழுதவேண்டும். எனக்குத் தெரிந்தது வீட்டில் ஆயா பேசிக் கேட்ட தமிழ். அவர் சொன்னதை அப்படியே எழுதினால் மெஷின் தயாரித்த கம்பெனி ஆயிரம் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புகிறது. ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

பதில்:

அவர் பேசிய வாக்கியங்களை முன்னால் வைத்து மொழிபெயர்க்க உட்கார்ந்தால் ரிப்போர்ட் வராது. டெக்னீஷியன் பேச்சில் ஐந்து விதமான செய்தி கலந்து கிடக்கும். கண்ணால் பார்த்தது, கருவி வைத்து அளந்தது, அனுபவத்தில் யூகித்தது, ஃபேக்டரிக்காரர்கள் சொல்லிக் கேட்டது, கையால் செய்தது. பேசும்போது இவை ஒரே மூச்சில் வரும், அதிலும் முடிவுதான் முதலில் வந்து விழும். ரிப்போர்ட்டைப் படிக்கிறவரோ எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்திருக்கிறார், மெஷினை அவரால் தொட்டுப் பார்க்க முடியாது. அவருக்கு இந்த ஐந்தும் தனித்தனியாக வேண்டும். இதைப் பிரித்து எடுப்பதுதான் உங்கள் வேலை, பிரித்துவிட்டால் ஆங்கிலம் தானாக வந்துவிடும்.

பைன்டவுனில் பக்கெட் மூடி அடிக்கிற ஒரு ஃபேக்டரியில் நடந்ததைச் சொல்கிறேன். 45 மில்லிமீட்டர் ஸ்க்ரூ உள்ள ஹைட்ராலிக் மெஷின், பாலிப்ரொப்பிலீன், ஒரு ஷாட்டுக்கு 72 கிராம். மூடி முழுதாக வருவதில்லை, எடை மாறிக்கொண்டே இருக்கிறது என்று புகார். எங்கள் டெக்னீஷியனும் கோவைப் பக்கம்தான். போய்ப் பார்த்து வேலையை முடித்துவிட்டு அவர் அனுப்பிய வாய்ஸ் நோட் இது:

"குஷன் நிக்கவே மாட்டேங்குதுங்க. மெட்டீரியல் பின்னாடி வருது. செக் ரிங் போயிடுச்சு. அவங்க ஹோல்டிங் ஏத்தி ஏத்திப் பாத்திருக்காங்க, ஒண்ணும் ஆகலை. கிளாஸ் ஓட்டியிருக்காங்க போல. பேரல் தப்பிச்சிருச்சு. ரிங் மாத்தியாச்சு, இப்ப நல்லா ஓடுதுங்க."

இதே தொழிலில் இருக்கிற இன்னொரு தமிழருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. நோயறிதல் முழுவதும் சரி, வேலையும் சரி. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலமாக்கினால் இப்படி ஆகும்:

```
Cushion is not standing. Material is coming back. Check ring has gone.
They put up and put up holding, nothing happened.
They ran glass it seems. Barrel escaped. Ring changed, now running good.
```

இதைப் படிக்கிற வாரண்டி எஞ்சினியருக்கு எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால்தான் கேள்விகளோடு திரும்பி வருகிறது.

முதலில் மெஷினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவரிடம் என்ன கேட்பது என்றே தெரியாது. பேரல் என்கிற சூடான குழாய்க்குள் ஸ்க்ரூ சுற்றும்போது பிளாஸ்டிக் உருகி முன்னால் வந்து சேரும், அது சேரச் சேர ஸ்க்ரூ பின்னால் நகரும். தேவையான அளவு சேர்ந்ததும் சுற்றுவது நின்று, ஸ்க்ரூ அப்படியே முன்னால் பாய்ந்து உருகினதை மோல்டுக்குள் தள்ளும். தள்ளும்போது அது ஸ்க்ரூவைத் தாண்டிப் பின்பக்கம் ஒழுகாமல் இருக்க, நுனியில் ஒரு வளையம் இருக்கிறது. அதுதான் செக் ரிங். சுற்றும்போது முன்னால் நகர்ந்து வழி விடும், தள்ளும்போது பின்னால் போய் சீட்டில் உட்கார்ந்து வழியை அடைக்கும். மோல்டு நிறைந்த பிறகு ஹோல்டிங் பிரஷரில் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்பார்கள். அது முடியும்போது ஸ்க்ரூவுக்கு முன்னால் கொஞ்சம் உருகின பிளாஸ்டிக் மிச்சம் இருக்கவேண்டும், அந்த மிச்சம்தான் குஷன். இந்த மெஷினில் அது 8 மில்லிமீட்டர். குஷன் சைபருக்கு வந்தால் ஸ்க்ரூ போய் முட்டி நின்றுவிடும், அதற்குப் பிறகு மோல்டுக்குள் அழுத்தம் போகாது, மூடி சுருங்கும் அல்லது பாதியில் நிற்கும்.

இப்போது "பின்னாடி வருது" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாய்ஸ் நோட்டிலேயே ரொம்ப ஆபத்தான வார்த்தை இதுதான், ஏனென்றால் எது பின்னால் வருகிறது என்பதைப் பொறுத்து மூன்று வேறு வேறு கோளாறு. உருகின பிளாஸ்டிக் ரிங்கைத் தாண்டி ஸ்க்ரூ பள்ளங்களுக்குள் பின்னால் ஒழுகினால் அது செக் ரிங் அல்லது பேரல் பிரச்சினை. அப்போது ஸ்க்ரூ முன்னால்தான் போகும், குஷன் எண் இறங்கும். ஆனால் ஸ்க்ரூவே பின்னால் வந்தால் கதை வேறு. மோல்டு நிறைந்து ஹோல்டிங்குக்கு மாறுகிற நொடியில், ஹோல்டிங் அழுத்தம் உள்ளே இருக்கிற அழுத்தத்தைவிடக் குறைவாக இருந்தால் பிளாஸ்டிக் ஸ்க்ரூவைப் பின்னால் தள்ளும், குஷன் எண் ஏறும். அதற்கு ரிங் மாற்றி ஒரு பயனும் இல்லை, செட்டிங்கைப் பார்க்கவேண்டும். மூன்றாவது, குருணை கொட்டுகிற ஹாப்பர் வாய்ப் பக்கம். அங்கே கூலிங் தண்ணீர் சரியாக ஓடாமல் சூடேறி, குருணை இளகி ஒட்டிக்கொண்டு கீழே இறங்காமல் நின்றாலும் சில பேர் "மெட்டீரியல் பின்னாடி நிக்குது, பின்னாடி வருது" என்றுதான் சொல்வார்கள். "மெட்டீரியல்" என்ற சொல் குருணைக்கும் உருகினதுக்கும் பொது என்பதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது.

அதனால் கேட்கவேண்டிய கேள்வி: "அண்ணா, எது பின்னாடி வருது, ஸ்க்ரூவா உருகினதா? ஸ்கிரீன்ல குஷன் நம்பர் ஏறுதா இறங்குதா?" எங்கள் ஆள் உடனே பதில் சொன்னார். "உருகினதுதாங்க. குஷன் சில ஷாட்ல சைபருக்கே போயிடுது, சில ஷாட்ல நாலு, நாலே முக்கால்ல நிக்குது. ஸ்க்ரூ பாயும்போது திருப்பியும் சுத்துது." இந்தக் கடைசி வாக்கியம் தங்கம். ஒழுகி வரும் பிளாஸ்டிக், காற்று காற்றாடியைச் சுற்றுவதுபோல, ஸ்க்ரூவின் மரைகளைத் தள்ளி அதை எதிர்ப்பக்கம் சுற்றவைக்கிறது. ஸ்க்ரூ சுற்றாமல் பிடித்துக்கொள்கிற டிரைவ் உள்ள மெஷின்களில் இது தெரியாது. ஆனால் தெரிந்தால், பின்னொழுக்குக்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. கண்ணால் பார்த்த இதை அவர் வாய்ஸ் நோட்டில் சொல்லவே இல்லை, ஏனென்றால் அவருக்கு அது "செக் ரிங் போயிடுச்சு" என்பதற்குள்ளேயே அடங்கிவிட்டது. நல்ல டெக்னீஷியன்கள் முடிவைச் சொல்லிவிட்டுச் சாட்சியை விழுங்கிவிடுவார்கள். கேட்டால் எல்லாம் வரும்.

அடுத்தது "போயிடுச்சு". தமிழில் கரண்ட்டும் போகும், பல்பும் போகும், ரிங்கும் போகும். ரிப்போர்ட்டில் ரிங் எப்படிப் போனது என்று எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் பணம் யார் தருவது என்பதே அதில்தான் இருக்கிறது. தேய்ந்துபோனால் அது வோர்ன். தேய்மானப் பாகம் என்று சாதாரணமாக வாரண்டியில் வராது, என்ன பிளாஸ்டிக் ஓட்டினார்கள் என்ற கேள்வி வரும். உடைந்துபோனால் புரோக்கன். அப்போது பாகத்தின் தரம் பற்றிப் பேசலாம், ஆனால் அதோடு ஒரு அவசரமான கேள்வியும் சேர்ந்து வரும்: உடைந்த துண்டுகள் எங்கே? எல்லாத் துண்டும் கிடைத்ததா, பேரல் நுனியில் உள்ள நாசிலில் இருக்கிறதா, மோல்டுக்குள் போய்விட்டதா? இதற்குப் பதில் இல்லாமல் "புரோக்கன்" என்று எழுதி அனுப்பினால் மோல்டுக்காரர் மெஷினை ஓட்டவே பயப்படுவார். மூன்றாவது, ரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் இரும்புத் துணுக்கு ஏதாவது சிக்கி ரிங் மூடாமல் நிற்பது. அங்கே ரிங் மேல் குற்றமே இல்லை, துணுக்கு எங்கிருந்து வந்தது, ஹாப்பரில் காந்தம் இருக்கிறதா என்று போகவேண்டும்.

"தேஞ்சதா, ஒடைஞ்சதா, ஏதாச்சும் சிக்கியிருந்துச்சா அண்ணா?" என்று கேட்டால் போதும். "தேஞ்சதுங்க. ஒடையலை, எதுவும் சிக்கலை. அளந்தேன், 44.80 இருந்துச்சு" என்றார். இங்கே விட்டுவிடாதீர்கள். இன்னொரு கேள்வி இருக்கிறது: சூடாக இருக்கும்போது அளந்ததா, ஆறின பிறகா? ஸ்க்ரூ நுனியைக் கழற்றுவதே மெஷின் சூடாக இருக்கும்போதுதான், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் இறுகிப்போய் கழலாது. கழற்றிய கையோடு மைக்ரோமீட்டர் வைத்தால் ரிங் பெரிதாகக் காட்டும். எஃகு ஒரு டிகிரிக்கு நீளத்தில் சுமார் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும், 45 மில்லிமீட்டர் ரிங் அறை வெப்பத்தைவிட 150 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால் 0.08 மில்லிமீட்டர் கூடுதல். சாதாரணமாக இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் புது ரிங்குக்கும் பேரலுக்கும் இடையில் இருக்கிற இடைவெளியே இங்கே அவ்வளவுதான்! ஆறவைத்து மறுபடி அளந்தபோது 44.72 என்றார். டப்பாவிலிருந்து எடுத்த புது ரிங் 44.95. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஆறின நிலையில் அளந்தது என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால், படிக்கிற எஞ்சினியர் அந்த எண்ணை நம்பலாம்.

"ஹோல்டிங் ஏத்தி ஏத்திப் பாத்திருக்காங்க" என்பதில் நிறைய விஷயம் ஒளிந்திருக்கிறது. ஏத்தி ஏத்தி என்றால் ஒரே தடவை இல்லை, படிப்படியாக. பாத்திருக்காங்க என்றால் அவர் அதைப் பார்க்கவில்லை, போனபோது அப்படி இருந்ததை வைத்துச் சொல்கிறார். ஆங்கிலத்தில் சாதாரண இறந்தகாலத்தில் எழுதினால் நம் ஆளே ஏற்றினார் என்று படிக்கத் தோன்றும். அதனால் "வந்தபோது இருந்த நிலை" என்று தனியாகப் பிரித்து, வந்தபோது ஸ்கிரீனில் என்ன எண், செட்டிங் ஷீட்டில் என்ன எண் என்று இரண்டையும் எழுதுங்கள். இங்கே ஷீட்டில் 45, ஸ்கிரீனில் 70. யார் ஏற்றினார்கள் என்று எழுதத் தேவையில்லை, இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். அந்த இரண்டும் ஹைட்ராலிக் எண்ணெயின் பார் என்பதையும் குறிப்பிடவேண்டும். இந்த மாதிரி மெஷினில் எண்ணெய் அழுத்தம் ஸ்க்ரூ நுனியில் கிட்டத்தட்ட பத்து மடங்காக மாறும், சில மெஷின்களின் ஸ்கிரீன் நேராகப் பிளாஸ்டிக் அழுத்தத்தையே காட்டும். வெறும் 70 பார் என்று எழுதினால் படிக்கிறவர் எதை நினைப்பார் என்று சொல்ல முடியாது.

அதில் இன்னொரு முக்கியமான பாதியும் இருக்கிறது. ரிங் ஒழுகும்போது 70 வைத்தும் மூடி நிறையவில்லை. புது ரிங் போட்ட பிறகு அதே 70 இருந்தால் முழு அழுத்தமும் மோல்டுக்குள் போய், மூடியின் ஓரத்தில் பிளாஸ்டிக் பிதுங்கி ஃப்ளாஷ் வரும், மூடி மோல்டில் ஒட்டிக்கொள்ளும், மோல்டு கெட்டுப்போகவும் வழி உண்டு. அவர் மறுபடி 45க்குக் கொண்டுவந்துவிட்டார், அது அவருக்கு மூச்சு விடுவதுபோலத் தானாக நடந்த வேலை என்பதால் வாய்ஸ் நோட்டில் சொல்லவில்லை. கேட்டு எழுதுங்கள். மறுநாள் ஃபேக்டரியில் ஃப்ளாஷ் வந்தால் நம் ஆளைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு வரிதான்.

"கிளாஸ் ஓட்டியிருக்காங்க போல." இது கண்ணாடி ஓட்டுவது இல்லை, கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கை இந்த மெஷினில் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கண்ணாடி இழை எஃகைத் தேய்க்கும், அதற்கென்று கடினமாக்கிய ஸ்க்ரூவும் ரிங்கும் இல்லாத மெஷினில் வேகமாகத் தேய்க்கும். கடைசியில் இருக்கிற "போல" என்ற சின்னச் சொல்லை நீங்கள் ரொம்பக் கவனமாகக் கேட்கவேண்டும். அவர் யூகிக்கிறாரா, யாராவது சொன்னார்களா, மூட்டையைப் பார்த்தாரா? கேட்டபோது, ஷிஃப்ட் லீடர் ஒருவர் போன ஆர்டருக்கு முப்பது சதவீதக் கண்ணாடி கலந்த பாலிப்ரொப்பிலீன் ஓட்டினதாகச் சொன்னார் என்றார். அப்படியானால் அது ஷிஃப்ட் லீடரின் வாக்கு. ரிப்போர்ட்டில் அவர் பதவியைச் சொல்லி, அவர் சொன்னார் என்றே எழுதவேண்டும். "கண்ணாடி இழையால் தேய்ந்தது" என்று நீங்களாக முடிச்சுப் போட்டு எழுதிவிட்டால், வாடிக்கையாளர் "யார் சொன்னது, நிரூபி" என்று வருவார், நம்மிடம் நிரூபணம் இருக்காது. தேய்மானத்தை ஒரு வரியில், ஷிஃப்ட் லீடர் சொன்னதை இன்னொரு வரியில் வைத்துவிட்டால் படிக்கிற எஞ்சினியர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

இனி "பேரல் தப்பிச்சிருச்சு". எனக்கு இந்த வாக்கியம் மேல் ரொம்ப மரியாதை, ஏனென்றால் இதற்குப் பின்னால் ஒரு முழுப் பரிசோதனையே இருந்தது. ரிங் தேய்ந்தாலும் பிளாஸ்டிக் பின்னால் ஒழுகும், பேரலின் உள்சுவர் தேய்ந்தாலும் ஒழுகும், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ரிங் மாற்றச் சில ஆயிரம் ராண்ட், பேரல் மாற்ற அதைவிடப் பல மடங்கு. தேய்ந்தது பேரலாக இருந்து ரிங்கை மட்டும் மாற்றினால் பிரச்சினை தீராது. "பேரல் நல்லா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுதுங்க அண்ணா?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது.

ஒரு ஷாட் அடித்து, மூடியை வெளியே எடுக்காமல் மோல்டை மூடியே வைத்துவிட்டார். மோல்டுக்குள் பிளாஸ்டிக் நுழைகிற வழியான ஸ்ப்ரூ இறுகிவிட்டது, இனி பிளாஸ்டிக்குக்கு முன்னால் போக வழியில்லை. நாசில் ஒழுகவில்லை என்றும் பார்த்துக்கொண்டார். பிறகு ஸ்க்ரூவை 60 மில்லிமீட்டர் வரை நிரப்பி, 30 பார் ஹைட்ராலிக் அழுத்தத்தில் முன்னால் தள்ளிப் பிடித்து, பத்து நொடியில் ஸ்க்ரூ எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கிரீனில் பார்த்தார். முன்னால் வழி அடைத்திருக்கும்போது, முதலில் கொஞ்சம் அமுங்கியதற்குப் பிறகும் ஸ்க்ரூ நகர்ந்துகொண்டே இருந்தால் பிளாஸ்டிக் பின்னால்தான் போகிறது. இதையே 40லிருந்தும் 20லிருந்தும் செய்தார். கெட்டிக்காரத்தனம் இந்த மூன்று இடத்தில்தான் இருக்கிறது. ரிங் ஸ்க்ரூவோடு சேர்ந்து நகரும், அதனால் ரிங் தேய்ந்திருந்தால் எந்த இடத்தில் வைத்தாலும் ஒழுக்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பேரல் ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் ரிங் அந்த இடத்தில் நிற்கும்போது ஒழுக்கு கூடும், மற்ற இடத்தில் குறையும். அவருக்கு மூன்று இடத்திலும் ஒன்பது மில்லிமீட்டரை ஒட்டி வந்தது. அதனால் சந்தேகம் ரிங் மேல், பேரல் மேல் இல்லை.

நடுவில் எஸ்காம் புண்ணியத்தில் கரண்ட் போய், பேரல் ஆறிவிட்டது. கரண்ட் வந்ததும் மறுபடி சூடேற்றி, உள்ளே நின்ற பிளாஸ்டிக்கை வெளியே தள்ளிவிட்டு, முதலில் எடுத்த அளவையும் சேர்த்து மூன்றையும் புதிதாக எடுத்தார். பழைய அளவும் புது அளவும் கலந்தால் ஒப்பிட முடியாது, சூடு மாறினால் பிளாஸ்டிக்கின் இளக்கம் மாறும், ஒழுகும் வேகமும் மாறும். உங்களுக்கும் அளவுகள் வாய்ஸ் நோட்டில் துண்டு துண்டாக வந்தால், எல்லாம் ஒரே ஓட்டத்தில் எடுத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனாலும் "பேரல் நன்றாக இருக்கிறது" என்று ரிப்போர்ட்டில் எழுதமாட்டேன். மூன்று இடமும் ஒன்றுபோல ஒழுகுவதால் ஒரே இடத்தில் குழிந்த தேய்மானம் இல்லை என்று தெரிகிறது. பேரல் நீளமெங்கும் சமமாகத் தேய்ந்திருந்தால் இந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு உள் அளவு எடுக்கவேண்டும். அவர் முன் முனையில் மட்டும் எடுத்தார், 45.03 இருந்தது, ஸ்க்ரூவை முழுதாக வெளியே இழுக்காமல் உள்ளே ஆழமாக அளக்க முடியாது. ஆகவே எங்கே அளந்தோம், எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். புது ரிங் போட்ட பிறகு அதே பரிசோதனையில் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை என்பது பேரலுக்குச் சாதகமான பலமான சாட்சி, அது எண்ணாகவே ரிப்போர்ட்டில் இருக்கட்டும்.

"இப்ப நல்லா ஓடுதுங்க" என்பதைக் கிட்டத்தட்ட எல்லா ஆபீஸும் அப்படியே ஆங்கிலமாக்கி எழுதுகிறது. அதனால் யாருக்கும் பயனில்லை. எத்தனை ஷாட் ஓட்டிப் பார்த்தார், குஷன் எதிலிருந்து எதுவரை, எடை எதிலிருந்து எதுவரை என்று கேளுங்கள். ஆரம்பத்தில் கெட்டதற்கு எந்த எண்களைச் சொன்னோமோ அதே எண்களை முடிவிலும் சொல்லவேண்டும், அப்போதுதான் சரியானது என்று தெரியும். ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது, ஃபேக்டரிச் சத்தத்தில் "ஏழு" என்பதும் "எட்டு" என்பதும் போனில் ஒன்றுபோலக் கேட்கும்.

எல்லாம் சேர்ந்து எங்கள் ரிப்போர்ட் இப்படிப் போனது:

```
OBSERVED: Cushion 0.0-4.8 mm (normal 8). Shot weight 69.4-71.6 g
(standard 72). Screw turned in reverse during injection.
ON ARRIVAL: Hold pressure 70 bar hydraulic; setting sheet shows 45.
TEST: Screw drift in 10 s, sprue frozen, 30 bar hydraulic:
9.1 mm from 60 mm; 9.3 mm from 40 mm; 9.0 mm from 20 mm.
FOUND: Check ring worn, not broken. OD 44.72 mm cold (new: 44.95).
STATED BY SHIFT LEADER: 30% glass-filled PP run on previous order.
DONE: Check ring replaced. Hold pressure reset to 45 bar hydraulic.
RESULT: Drift 0.6 mm in 10 s. 50 shots: cushion 7.7-8.2 mm,
weight 71.8-72.2 g.
OPEN: Barrel bore measured at front end only (45.03 mm).
```

இதில் அழகான ஆங்கிலம் ஒன்றும் இல்லை, பாதி வரிகளில் முழு வாக்கியமே இல்லை. தலைப்புச் சொற்கள்தான் வேலை செய்கின்றன, எது பார்த்தது, எது அளந்தது, எது கேட்டது என்று அவை சொல்லிவிடுகின்றன. உங்கள் கம்பெனி படிவத்தில் வேறு கட்டங்கள் இருக்கலாம், "ஃபால்ட்", "காஸ்", "ஆக்‌ஷன்" என்று மூன்றே இருக்கும். அப்படியானால் "ஃபால்ட்" கட்டத்துக்குள்ளேயே பார்த்ததையும் அளந்ததையும் வரி பிரித்து எழுதுங்கள். "காஸ்" கட்டத்தில் தேய்ந்த ரிங்கை மட்டும் எழுதுங்கள், ரிங் ஏன் தேய்ந்தது என்பதை அந்தக் கட்டத்துக்குள் இழுக்காதீர்கள். நிரப்பச் சொல்லி வற்புறுத்தினால் ஷிஃப்ட் லீடர் சொன்ன வரியை, அவர் சொன்னதாகவே, அங்கே வைக்கலாம்.

ஆயா பேசிய தமிழ்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். 1860லிருந்து இங்கே வந்து தங்கின குடும்பங்களில் தமிழ் வீட்டோடு வளர்ந்தது, ஒர்க்‌ஷாப்புக்கு வரவில்லை. அதனால் "தேஞ்சு", "சிக்கி", "முட்டுது", "பிடிக்கலை", "அடிக்குது" போன்ற சொற்கள் உங்களுக்குத் தெரிந்த சொற்களாகவே இருந்தாலும் மெஷின் பக்கத்தில் வேறு வேலை செய்யும். "ஹீட் பிடிக்கலை" என்றால் ஹீட்டர் எரியவில்லை என்றும் இருக்கலாம், எரிந்தும் செட் செய்த சூட்டுக்கு வரவில்லை என்றும் இருக்கலாம். "மோல்டு அடிக்குது" என்றால் மூடும்போது மோதுகிறது என்றும் சொல்வார்கள், உற்பத்தி ஓடுகிறது என்பதையும் "மூடி அடிக்குது" என்பார்கள். சந்தேகம் வந்தால் அகராதி பார்க்காதீர்கள், அவரையே கேளுங்கள். கோவைக்காரர்கள் கேட்டால் கோபப்படமாட்டார்கள், "அதுங்களா கண்ணு" என்று ஆரம்பித்துப் பொறுமையாகச் சொல்வார்கள். ஆனால் கேள்வி திட்டமாக இருக்கவேண்டும். "கொஞ்சம் விவரமா சொல்லுங்கண்ணா" என்று கேட்டால் அவர் அதே வாக்கியத்தைக் கொஞ்சம் சத்தமாகத் திரும்பச் சொல்வார். "ஏறுதா இறங்குதா", "சூடா இருக்கும்போதா ஆறினப்புறமா", "நீங்க பாத்தீங்களா அவங்க சொன்னாங்களா" என்று இரண்டில் ஒன்றைக் கேட்டால் நேரான பதில் வரும்.

அனுப்புவதற்கு முன் எழுதினதை அவருக்குப் போனில் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் படித்துக் காட்டினால் மரியாதைக்கு "சரிங்க" என்றுவிடுவார். தமிழில் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். இந்த ரிப்போர்ட்டில் நான் முதலில் ரிங்கோடு சீட்டும் மாற்றியதாக எழுதியிருந்தேன், ஸ்டோரிலிருந்து இரண்டும் சேர்ந்த செட்டாகத்தான் எடுத்துப் போனார் என்பதால். திருப்பிச் சொன்னதும், "இல்லீங்க, சீட் நல்லா இருந்துச்சு, ரிங் மட்டும்தான் போட்டேன், புது சீட் ஃபேக்டரி ஸ்டோர்ல குடுத்து கையெழுத்து வாங்கிட்டேன்" என்றார். அந்த சீட்டையும் அது எங்கே இருக்கிறது என்பதையும் பாகங்கள் பட்டியலில் தனி வரியாகச் சேர்த்த பிறகுதான் ரிப்போர்ட் போனது.